தேர்வுக்கு முன் சில நாள் படிப்பு விடுப்பு: மேனேஜரிடம் எப்படிக் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறைத் தேர்வு எழுதுபவர்களுக்காக இந்தப் பக்கம். எல்லாத் துறைகளையும் தொட்டுப் போவதைவிட ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு பேசுவது பயன்படும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், ஏசிசிஏ என்ற சர்வதேசக் கணக்கியல் தகுதிக்கான தேர்வு எழுதுகிறார், தேர்வு நாள் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் வந்து விழுகிறது. லீவு கேட்பதற்கு இதைவிடச் சங்கடமான நேரம் கிடையாது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். வேறு துறையில் இருப்பவர்கள் மாதக் கணக்கு என்று வரும் இடத்தில் தங்கள் வேலையின் நெருக்கடி நாட்களை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

படிக்க லீவு கேட்டால் மேனேஜர் தப்பா நினைப்பாரோ? கேட்கவே தயக்கமா இருக்கு.

நம்மில் பெரும்பாலோர் இதை ஒரு சலுகையாக நினைத்துக்கொண்டு போகிறோம். "எனக்கு இது கிடைக்கத் தகுதி இருக்கிறதா" என்பதுதான் மனதில் ஓடுகிறது. அதனால் பேச்சும் அப்படியே ஆகிவிடுகிறது: எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறேன், பாடம் எவ்வளவு பெரியது, வீட்டில் படிக்க நேரமே கிடைப்பதில்லை என்று. மேனேஜர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார். ஆனால் அவர் மனதில் ஓடுவது வேறு. அந்த நாட்களில் எந்த வேலை நிற்கும், அதை யார் பார்ப்பார்கள், தனக்கு மேலே இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதபோதுதான் அவர் இழுத்தடிக்கிறார். உங்கள் மேல் கோபம் இருப்பதால் அல்ல.

ஆகவே கேட்கப் போகும் முன் தயார் செய்ய வேண்டியது அந்த மூன்று பதில்களை. படிப்பைப் பற்றி இரண்டு வரி போதும். தேதிகளையும் வேலையையும் பற்றித்தான் தெளிவாகப் பேச வேண்டும். தயக்கத்தில் பெரும்பகுதி, கையில் திட்டம் இல்லாமல் போவதால் வருவது. திட்டம் இருந்தால் பேச்சு தானாக வேலையைப் பற்றியதாகிவிடும், அதைப் பேச யாருக்கும் கூச்சம் இருக்காது.

எவ்வளவு நாள் முன்னாடி கேட்கணும்?

தேர்வுக்குப் பணம் கட்டும் வாரத்திலேயே. ஏசிசிஏ தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை நடக்கிறது. பதிவு செய்யும் காலம் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தேர்வு வரும். சீக்கிரம் பதிவு செய்தால் கட்டணமும் குறைவு. அதாவது தேர்வு எழுதப் போகிறோம் என்பது உங்களுக்கு வெகு முன்னாடியே உறுதியாகத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் சொல்லாமல் வைத்திருந்து, இரண்டு வாரம் இருக்கும்போது போய்க் கேட்டால், "முன்னாடியே தெரியும்தானே?" என்ற கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. டீமில் மற்றவர்களும் லீவு போடுவார்கள். திருமணம், குடும்பப் பயணம் என்று அவர்கள் காலண்டரில் முதலில் எழுதிவிட்டால், உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே அந்த வாரத்தில் இல்லாமல் போய்விடலாம். முதலில் பதிகிறவருக்கு இடம் என்ற வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது, எழுதப்படாவிட்டாலும்.

சிலர் பணம் கட்டுவதற்கு முன்பே வாய்வழியாக ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள். "ஜூன் தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன், அந்த நேரத்தில் பெரிய வேலை ஏதாவது வருமா?" இது மிக நல்ல பழக்கம். ஆடிட் வருகிறது, புது மென்பொருளுக்கு மாறுகிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். அது தெரிந்தால் தேர்வையே அடுத்த முறைக்குத் தள்ளலாமா என்று பணம் கட்டும் முன்பே யோசிக்கலாம்.

தேர்வு சரியா மாதக் கணக்கு முடிக்கிற வாரத்தில் வருது. அப்போ எந்த நாட்களைக் கேட்கிறது?

இதுதான் உண்மையான சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏசிசிஏ தேர்வுகள் பெரும்பாலும் அந்தந்த மாதத்தின் முதல் வாரத்தில் வருகின்றன. கணக்குப் பிரிவில் முந்தைய மாதக் கணக்கை முடிப்பதும் அதே வாரத்தில்தான். "தேர்வுக்கு முந்தைய ஒரு வாரம் லீவு வேண்டும்" என்று கேட்டால், மேனேஜருக்கு அது அப்படியே குளோசிங் வாரத்தில், அதாவது மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில், ஆள் இல்லை என்றுதான் கேட்கும். இல்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஏசிசிஏ-வில் நிதி அறிக்கையிடல் தாள் எழுதுகிறார். தேர்வு ஜூன் 4, வியாழன். ஜூன் 1 திங்கட்கிழமை. அவருடைய பொறுப்பில் இருப்பவை மூன்று: நம் கணக்கை வங்கிக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் வங்கி ரெகன்சிலியேஷன், இன்னும் பில் வராத செலவுகளுக்கான ப்ரொவிஷன், சப்ளையர் கணக்கு நிலுவைச் சரிபார்ப்பு. அவர்கள் அலுவலகத்தில் திங்களும் செவ்வாயும் இந்தப் பதிவுகள் எல்லாம் முடிய வேண்டும். புதனன்று மேனேஜர் சரிபார்த்துக் கேள்விகள் அனுப்புவார். வியாழன் திருத்தங்கள். வெள்ளி அறிக்கை மேலே போகும்.

இப்போது இந்த ஐந்து நாளையும் தனித்தனியாகப் பாருங்கள். இவர் இல்லாமல் நடக்கவே நடக்காத நாட்கள் திங்களும் செவ்வாயும் மட்டும்தான். புதனும் வியாழனும் வருவது கேள்விகள். குறிப்புகள் ஒழுங்காக இருந்தால் பக்கத்து மேஜைக்காரர் பதில் சொல்லிவிடலாம். ஆக, இவர் திங்கள், செவ்வாய் வேலைக்கு வருகிறார். புதன் (ஜூன் 3) படிப்பு விடுப்பு, வியாழன் தேர்வு, வெள்ளி மறுபடி வேலை. குளோசிங் வாரத்தில் படிப்புக்காக அவர் கேட்பது ஒரே ஒரு நாள்.

மீதி நாட்களை எங்கே எடுப்பது? மே 20, 21, அதாவது புதன், வியாழன். மாதத்தின் மூன்றாவது வாரம், கணக்குப் பிரிவில் மூச்சுவிட முடிகிற நாட்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் லீவு எடுத்து என்ன பயன் என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் படிப்புக்கே அதுதான் நல்லது. இந்தத் தாள் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம்தான். வேலை முடிந்து வந்த மாலையில் ஒரு பாடத்தைப் படித்துவிடலாம். ஆனால் மூன்று மணி நேரம் இடையில் எழாமல் முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க முடியாது. குழுமக் கணக்கு ஒருங்கிணைப்புக் கேள்வியில் 50 நிமிடம் செலவழித்துவிட்டு கடைசிக் கேள்வியைத் தொடாமல் விடுகிறோம் என்பது அப்படி எழுதினால்தான் தெரியும்.

ஆகவே மே 20 காலையில் ஏசிசிஏ-வின் பயிற்சித் தளத்தில் முழு மாதிரித் தேர்வு, மதியம் அதைத் திருத்துவது. மறுநாள் முழுவதும் எங்கே மதிப்பெண் போனதோ அந்தப் பகுதிகள் மட்டும். அதன் பிறகு தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, மாலை நேரங்களில் அந்த ஓட்டைகளை அடைக்கலாம். இதையே தேர்வுக்கு முந்தைய நாள் கண்டுபிடித்தால் பயம்தான் மிஞ்சும். இரண்டாவது மாதிரித் தேர்வு மே 30 சனிக்கிழமை, அதற்கு லீவே தேவையில்லை. ஜூன் 3 லேசான மறுபார்வைக்கு. சூத்திரங்கள், கணக்கியல் தரநிலைகளின் முக்கிய விதிகள், தேர்வு மையத்துக்குப் போகும் வழி. அன்று சீக்கிரம் தூங்குவதும் திட்டத்தில் சேர்த்திதான்.

இப்படி நாட்களைப் பிரித்துவிட்டால் மேனேஜரிடம் போகும் கோரிக்கையின் உருவமே மாறிவிடுகிறது. "குளோசிங் வாரம் முழுக்க இல்லை" என்பது போய், "அமைதியான வாரத்தில் இரண்டு நாள், குளோசிங்கில் என் பதிவுகள் முடிந்த பிறகு ஒரு நாள்" என்று ஆகிறது.

மொத்தம் எத்தனை நாள் கேட்கலாம்? கூடக் கேட்டுக் குறைச்சுக்கலாமா?

பேரம் பேச இது சந்தை இல்லை. ஐந்து நாள் கேட்டு மூன்றுக்கு இறங்கினால், அடுத்த முறை நீங்கள் எத்தனை கேட்டாலும் அதில் பாதி போதும் என்றுதான் மேனேஜர் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு நாளுக்கும் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் கேளுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் மூன்று நாள், தேர்வு நாள் தனி. ஒரு தாளுக்கு அது நியாயமான அளவு. ஒரே அமர்வில் இரண்டு தாள் எழுதினால் இரண்டாவது மாதிரித் தேர்வுக்கு இன்னொரு நாள் கேட்கலாம். பாடத்திட்டத்தைப் பாதிகூடத் தொடாமல், லீவில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பத்து நாள் கேட்பது மட்டும் வேண்டாம். பத்து நாளில் அது முடியாது, லீவும் கரைந்துவிடும்.

எங்க கம்பெனியில் ஸ்டடி லீவுனு ஒண்ணு இருக்கா என்றே தெரியலை. எங்கே பார்க்கிறது?

மூன்று இடம். முதலில் லீவு விதிமுறைக் கையேடு. அதில் படிப்பு விடுப்பு என்றும் தேர்வு விடுப்பு என்றும் தனித்தனியாக இருக்கலாம். தேர்வு விடுப்பு என்பது பெரும்பாலும் தேர்வு எழுதும் நாளுக்கு மட்டும், முந்தைய நாட்களுக்குச் செல்லாது. இரண்டாவது, உங்கள் வேலை ஒப்பந்தமோ பயிற்சி ஒப்பந்தமோ. நிறுவனம் உங்கள் தேர்வுக் கட்டணத்தைக் கட்டுகிறது என்றால் லீவு பற்றிய வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவது, மனிதவளப் பிரிவில் இருப்பவர். அவரிடம் "இதற்கு முன் யாராவது தேர்வுக்கு லீவு எடுத்திருக்கிறார்களா, எந்தத் தலைப்பில் எடுத்தார்கள்?" என்று கேளுங்கள். எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் முன்னுதாரணம்தான் விதி.

அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கட்டணமும் சம்பளத்துடன் லீவும் கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். சில இடங்களில் தேர்வில் தவறினாலும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வேறு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருப்பவர், இந்த நிபந்தனையைப் பார்த்த பிறகு சொந்த ஆண்டு விடுப்பையே எடுத்துக்கொள்வது நிம்மதி.

சட்டப்படி உரிமை உண்டா என்று பலர் கேட்கிறார்கள். அது நாட்டுக்கு நாடு வேறு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1974-ல் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றி ஓர் உடன்படிக்கை (எண் 140) கொண்டுவந்தது. ஏற்று ஒப்புதல் தந்த நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். அந்த நாடுகளிலும் அரசு இதற்கான கொள்கையை வகுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, அதைக் காட்டி மறுநாளே லீவு வாங்கிவிட முடியாது. உங்கள் நாட்டின் தொழிலாளர் சட்டத்தில் தனியாக ஏதாவது இருந்தால் மனிதவளப் பிரிவு சொல்லும். நடைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு இது மேனேஜரின் விருப்பத்தில்தான் முடிகிறது.

ஸ்டடி லீவே கிடையாதுன்னா?

ஆண்டு விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, முன்பு கூடுதலாக வேலை பார்த்த நாளுக்கு ஈடான விடுப்பு. இந்த வரிசையில் யோசியுங்கள். ஆண்டு விடுப்பில் எடுக்கும்போது காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. இருந்தாலும் சொல்லுங்கள். தேர்வு என்று தெரிந்தால், கடைசி நேரத்தில் "இந்த வாரம் மட்டும் தள்ளிப்போட முடியுமா?" என்று கேட்க மேனேஜர் யோசிப்பார். வெறும் விடுப்பு என்றால் சுலபமாகக் கேட்டுவிடுவார். தேர்வுத் தேதியைத் தள்ள முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு எடுத்துக்கலாமே?

வேண்டாம். தேர்வு முடிவு வரும்போது நீங்களே சந்தோஷமாகச் சொல்வீர்கள், அப்போது தேதி தானாக வெளிவரும். அப்புறம் உண்மையிலேயே காய்ச்சல் வந்தாலும் நம்ப மாட்டார்கள்.

நேரில் கேட்கிறதா, மெயில் போடுறதா?

இரண்டும், இந்த வரிசையில்: முதலில் நேரில், அன்றே மெயிலில். நேரில் பேசும்போது அவர் முகம் சுருங்குவது எந்தத் தேதிக்கு என்று தெரிந்துவிடும், அங்கேயே மாற்றிப் பேசலாம். மெயில் இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து "எப்போ சொன்னீங்க?" என்பார், அதுவும் வேண்டுமென்றே அல்ல, நிஜமாகவே மறந்திருப்பார்.

நேரில் போக நேரம் பார்ப்பது முக்கியம். குளோசிங் முடிந்து அறிக்கை போன மறுநாள் நல்ல நாள். நடைபாதையில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள், பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"ஜூன் 4 எனக்கு ஏசிசிஏ தேர்வு இருக்கு. அது குளோசிங் வாரம்னு தெரியும், அதனால் அந்த வாரத்தில் திங்கள், செவ்வாய் நான் கண்டிப்பா வருவேன், என் பதிவுகளை முடிச்சுக் கொடுத்துடுவேன். புதன் மட்டும் படிக்க லீவு வேணும், வியாழன் தேர்வு. அது தவிர மே 20, 21 இரண்டு நாள். இந்தத் தேதிகளில் உங்களுக்கு ஏதாவது இடிக்குதா?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். "லீவு தருவீர்களா?" என்று கேட்டால் பதில் ஆம் அல்லது இல்லை. "தேதி இடிக்கிறதா?" என்று கேட்டால், இடித்தாலும் பேச்சு எந்தத் தேதி என்பதில்தான் தொடரும். "21-ம் தேதி பட்ஜெட் கூட்டம் இருக்கே" என்று அவர் சொன்னால், "அப்போ 19, 20 எடுத்துக்கிறேன்" என்று அங்கேயே முடித்துவிடலாம்.

மெயிலில் என்ன எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்களேன்.

உங்கள் அலுவலகத்தில் எந்த மொழியில் எழுதுவீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

> பொருள்: தேர்வு விடுப்பு – மே 20, 21 மற்றும் ஜூன் 3, 4
>
> வணக்கம்.
>
> இன்று பேசியதன்படி, ஜூன் 4 அன்று நான் ஏசிசிஏ தேர்வு எழுதுகிறேன். மே 20, 21, ஜூன் 3 ஆகிய மூன்று நாட்கள் படிப்பு விடுப்பும், ஜூன் 4 தேர்வு விடுப்பும் வேண்டுகிறேன்.
>
> மே மாத வங்கி ரெகன்சிலியேஷனை இப்போதிருந்தே வாராவாரம் முடித்துவருகிறேன். ஜூன் 1 அன்று கடைசிச் சில நாட்களின் பதிவுகள் மட்டும் மீதமிருக்கும். ப்ரொவிஷனும் சப்ளையர் நிலுவைச் சரிபார்ப்பும் ஜூன் 2 மாலைக்குள் உங்களிடம் வந்துவிடும். ஜூன் 3, 4 தேதிகளில் எழும் கேள்விகளுக்கு என் இடத்தில் பதில் சொல்ல என் சக ஊழியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கான குறிப்புகளை ஜூன் 2 அன்று பகிர்வேன். ஜூன் மாதக் குளோசிங்கில் அவருடைய ஒரு நாள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.
>
> இந்தத் தேதிகளுக்கு உங்கள் ஒப்புதல் கிடைத்ததும் லீவு அமைப்பில் பதிவு செய்துவிடுகிறேன்.
>
> நன்றி.

சக ஊழியரின் பெயரை மெயிலில் போடும் முன் அவரிடம் கேட்டாக வேண்டும். கேட்காமல் பெயரைப் போட்டு, அவர் மேனேஜர் வாயிலாகத் தெரிந்துகொண்டால், உதவ நினைத்திருந்தவரும் விலகிவிடுவார். பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

வங்கி ரெகன்சிலியேஷன் பற்றிய அந்த வரியும் சும்மா எழுதியது அல்ல. மாதக் கடைசியில் மொத்தமாகச் செய்யும் வேலையை வாரத்துக்கு ஒரு முறை செய்துவைத்தால், ஜூன் 1 அன்று பொருந்தாத பதிவுகள் நூற்றுக்கணக்கில் இல்லாமல் கைக்கடக்கமாக இருக்கும். மெயிலில் எழுதிவிட்டு அதைச் செய்யாமல் விட்டால், செவ்வாய் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், புதன் விடுப்பு வீண். எந்த வேலையை இப்படி முன்கூட்டியே இழுத்துச் செய்ய முடியும் என்று உங்கள் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். முடியாதவற்றுக்கு மட்டும் மாற்று ஆள் தேடினால் போதும்.

"பார்க்கலாம்"னு சொல்லிட்டார். அது சரின்னு அர்த்தமா?

இல்லை. அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எதைப் பார்த்து முடிவு செய்வார் என்று அப்போதே மென்மையாகக் கேட்டுவிடுங்கள்: "ஏதாவது தேதி உறுதியாக வேண்டியிருக்கிறதா? நான் எப்போது திரும்பக் கேட்கட்டும்?" ஆடிட் தேதிக்காகக் காத்திருக்கிறார் என்றால் அந்தத் தேதி வரும் வரை பொறுக்கலாம். காரணமே இல்லாத "பார்க்கலாம்" என்றால் ஒரு வாரத்தில் மெயிலைத் தொடர்ந்து ஒரு வரி எழுதுங்கள்: "மே 20, 21 தேதிகளில் மாதிரித் தேர்வுக்குத் திட்டமிட வேண்டும், இந்த வெள்ளிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்." முறையாக லீவு அமைப்பிலும் விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே காத்திருக்கும் விண்ணப்பம் அவருக்குத் தினமும் கண்ணில் படும்.

முடியாதுன்னே சொல்லிட்டார். இப்போ?

எது முடியாது என்று பிரித்துக் கேளுங்கள். மூன்று நாளுமா, ஜூன் 3 மட்டுமா? பெரும்பாலும் உறுத்துவது ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்கு மாற்று இருக்கிறது: அரை நாள் விடுப்பு, மதியம் ஒரு மணிக்குக் கிளம்புவது. அல்லது காலையில் இரண்டு மணி நேரம் வீட்டிலிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு மீதி நேரம் படிப்பது. கடைசி நாளில் லேசான மறுபார்வைதான் என்பதால் அரை நாள் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. மே 20-ஐ மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழு மாதிரித் தேர்வு நடப்பது அன்றுதான். வேறு வழியே இல்லையென்றால் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, தொலைபேசியை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

தேர்வு நாளுக்கே லீவு இல்லை என்றால் அது வேறு விஷயம். மேனேஜரிடம் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரிந்தே மனிதவளப் பிரிவிடம் போகலாம். முதுகுக்குப் பின்னால் போக வேண்டாம். "இது பற்றி விதி என்ன என்று அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் உறவு கெடாது.

எங்க டீமில் இரண்டு பேர் ஒரே தேர்வு எழுதுறோம். ரெண்டு பேருக்கும் கிடைக்குமா?

மேனேஜரிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மே மாத அமைதியான நாட்களை ஒருவர் 18, 19 என்றும் மற்றவர் 20, 21 என்றும் பிரித்துக்கொள்ளலாம். குளோசிங் வாரப் புதன்கிழமையை இருவருமே கேட்டால் ஒருவருக்கும் கிடைக்காமல் போகலாம். ஒருவர் காலை, ஒருவர் மதியம் என்று அரை நாளாகக் கேளுங்கள். தேர்வு நாளுக்கு மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்தாக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே திட்டமாகக் கொண்டுபோனால், யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் சங்கடம் மேனேஜருக்கு வராது.

தேர்வு பாஸ் பண்ணினா வேற வேலைக்குப் போயிடுவேன்னு நினைப்பாரே?

சில மேனேஜர்கள் நினைப்பார்கள். அதற்குச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. படிப்பில் எது இப்போதைய வேலைக்குப் பயன்படும் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். நிதி அறிக்கையிடல் படிப்பவர், "குத்தகைக் கணக்கை ஒவ்வொரு முறையும் ஆடிட்டரிடம் கேட்கிறோம். இந்தத் தாளில் அது இருக்கிறது, முடித்ததும் நானே போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். அப்படி எதுவும் இல்லாத தேர்வு, அதாவது வேலைக்குத் தொடர்பே இல்லாதது என்றால், நிறுவனத்தின் படிப்பு விடுப்பைக் கேட்காமல் சொந்த ஆண்டு விடுப்பில் எடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

லீவு கிடைச்சாச்சு, ஆனால் அன்னைக்கும் போன் வந்துகிட்டே இருக்கு.

முந்தைய நாள் மாலை எழுதும் குறிப்பில்தான் இதற்கு மருந்து. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த சப்ளையரின் நிலுவை ஏன் பொருந்தவில்லை, எந்த ப்ரொவிஷன் எந்த அடிப்படையில் போடப்பட்டது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "அந்த ஃபைல் எங்கே?" என்பதுதான். அதோடு, "மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை பார்த்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்" என்று ஒரு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். எப்போதும் கிடைக்க மாட்டேன் என்றால் பதற்றத்தில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நேரம் தெரிந்தால் அதுவரை காத்திருப்பார்கள். மாதிரித் தேர்வு எழுதும் மூன்று மணி நேரம் மட்டும் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

போன முறை லீவு எடுத்தும் ஃபெயில். மறுபடி எப்படிக் கேட்பேன்?

ஏசிசிஏ முடிவுகள் தேர்வு முடிந்து சுமார் ஆறு வாரத்தில் வரும். ஜூன் தேர்வுக்கு ஜூலையில். அதற்குள் செப்டம்பர் தேர்வின் பதிவுக் கெடு நெருங்கிவிடும். ஆகவே தள்ளிப்போடாமல் முடிவு வந்த வாரத்திலேயே மேனேஜரிடம் நீங்களே சொல்லுங்கள், வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம். 50 மதிப்பெண்தான் தேர்ச்சி. 46 வாங்கியவரின் நிலையும் 28 வாங்கியவரின் நிலையும் ஒன்றல்ல. 46 என்றால் ஒரு முழு மாதிரித் தேர்வுக்கும் திருத்தலுக்கும் ஒன்றரை நாள் கேட்டால் போதும். "எங்கே தவறியது என்று தெரிகிறது, இந்த முறை குறைந்த நாட்கள்தான் கேட்கிறேன்" என்று சொல்வது மேனேஜருக்கும் சுலபம். 28 என்றால் செப்டம்பரை விட்டு டிசம்பருக்குப் போவது நல்லது. லீவைவிட அங்கே தேவைப்படுவது மாலை நேரப் படிப்பு, அதற்கு இன்னும் மூன்று மாதம் கிடைக்கும்.

சில நிறுவனங்களில் முதல் முயற்சிக்கு மட்டும்தான் சம்பளத்துடன் படிப்பு விடுப்பு, மறுமுயற்சிக்கு ஆண்டு விடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கும். இரண்டாவது முறை கேட்கும் முன் கையேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இருந்தால் நேராக ஆண்டு விடுப்புக்கே விண்ணப்பியுங்கள். இந்த உதாரணத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடுமுறைப் பயணம் வைத்திருப்பவர்கள், செப்டம்பர் தேர்வுக்கு இரண்டு நாளாவது மிச்சம் வைத்துக்கொண்டு மீதியை எடுங்கள்.